பிரசவ விடுதியில் மக்னீசியம் சல்பேற்று: புதிதாக வரும் தாதியருக்கும் எச்.ஓ.மாருக்கும்

யாழ்ப்பாணத்தில் பிரசவ விடுதிக்கு மாற்றலாகி வந்த முதல் மாதங்களில், பிரீஎக்லம்சியாவில் வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மக்னீசியம் பற்றிய விவரங்களை நான் துண்டு துண்டாகத்தான் பொறுக்கினேன். மருந்து அளவு சுவரில் ஒட்டிய தாளில் இருந்தது. கலக்கும் விதத்தை ஒரு மூத்த மிஸ் சொல்லித் தந்தார். எப்போது நிறுத்துவது என்பது இரவுக் கடமையில் யாரையாவது எழுப்பிக் கேட்டால்தான் தெரியவரும். நீங்கள் அப்படி அலையத் தேவையில்லை என்பதற்காக, ஒரு தாய் விடுதிக்குள் வருவதிலிருந்து மருந்து நிற்கும் வரை நடப்பதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் அலகின் நெறிமுறையோ வி.ஓ.ஜி.யின் கட்டளையோ இதிலிருந்து வேறுபட்டால் அதையே பின்பற்றுங்கள்.

1. முதலில் கொப்பியைப் பாருங்கள், பிறகு தாயிடம் கதையுங்கள்

தாயின் கையில் கர்ப்பகாலப் பதிவேடு இருக்கும். எல்லோரும் கிளினிக் கொப்பி என்று சொல்வது அதைத்தான். முதல் கிளினிக்கில் எடுத்த குருதியமுக்கத்தையும் கடைசியாக எடுத்ததையும் அதில் பாருங்கள். 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, கூடவே சிறுநீரில் புரதமோ ஈரல், சிறுநீரகம், குருதிச் சிறுதட்டு, மூளை ஆகியவற்றில் ஏதாவது பாதிப்போ இருந்தால் அது பிரீஎக்லம்சியா. புரதம் இல்லை என்பதால் மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. கால் வீக்கம் இருப்பதை வைத்து அதை உறுதிசெய்யவும் முடியாது. வீங்கிய காலோடு வரும் கர்ப்பிணிகள் பலருக்கு எந்த நோயும் இருப்பதில்லை.

160/110 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான நிலை. 15 நிமிடத்துக்குள் மறுபடி எடுத்து உறுதிப்படுத்துங்கள். தாயை இருத்தி, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, கைக்கு ஏற்ற அளவுப் பட்டியால் எடுக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டியைச் சுற்றினால் எண் உயர்த்திக் காட்டும்.

அடுத்தது அறிகுறிகள். இங்குள்ள தாய்மார் புத்தகத்தில் இருப்பதுபோல் சொல்லமாட்டார்கள். "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது மிஸ்" என்பார்கள். தலையிடி பனடோலுக்கும் அடங்கவில்லை என்பார்கள். மிகவும் ஏமாற்றுவது மேல்வயிற்று நோ. "காஸ்ரிக் மாதிரி நெஞ்சுக்குக் கீழ எரியுது, நேற்றிரவு ரெண்டு தரம் சத்தி" என்று ஒரு தாய் சொன்னால், அமிலத்துக்கு மருந்து கொடுக்குமுன் பிறஷரைப் பாருங்கள். வலது விலாவுக்குக் கீழ் அழுத்தினால் நோகிறதா என்றும் பாருங்கள். ஈரல் உறை இழுபடும்போதும் அந்த நோ அப்படித்தான் இருக்கும். பிளேற்லற், ஈரல் நொதிகள், கிரியேற்றினின் மூன்றுக்கும் அப்போதே குருதி எடுத்து அனுப்புங்கள். கிரியேற்றினின் அளவு பின்னால் மிகவும் தேவைப்படும்.

2. ஏற்கெனவே மருந்து போட்டார்களா?

மாற்றலாகி வரும் தாயிடம் இந்தக் கேள்வியைத் தவறவிடக்கூடாது. நெடுந்தீவிலிருந்து வரும் தாய் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் வர வேண்டும். அவ்வளவு தூரத்தில் வலிப்பு வந்துவிடக்கூடும் என்பதால், அனுப்பும் இடத்திலேயே ஆரம்ப அளவைத் தசையில் போட்டு அனுப்புவது சரியான வழி. ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் மொத்தம் 10 கிராம், ஆழமாகப் போடுவார்கள். அது தெரியாமல் இங்கே மறுபடி ஆரம்ப அளவைக் கொடுத்தால் நஞ்சு நிலைக்கு நாமே வழி திறந்ததாகிவிடும்.

மாற்றல் கடிதத்தில் மருந்தின் அளவு, போட்ட வழி, போட்ட நேரம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அனுப்பிய விடுதிக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. கேட்டறிந்ததை பி.எச்.ரி.யில் நேரத்தோடு எழுதுங்கள். உடன் வந்த தாயாரிடமும் கேட்கலாம். "பின்பக்கம் ரெண்டு பக்கமும் ஊசி போட்டவையோ அம்மா?" என்றால் அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும், அந்த ஊசி அவ்வளவு நோகும்.

தசைநார் நலிவு நோய் (மயஸ்தீனியா கிறாவிஸ்) உள்ள தாய்க்கு இந்த மருந்து ஆகாது. சிறுநீரக நோய் இருந்தால் ஆரம்ப அளவைக் கொடுக்கலாம், தொடர் அளவை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

3. தொடங்குமுன் அடிப்படை அளவுகளை எழுதுங்கள்

மருந்து ஏறுமுன் முழங்கால் தெறிவினை, ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை, நாடி, பிறஷர், ஒட்சிசன் அளவு அனைத்தையும் பதியுங்கள். பிரீஎக்லம்சியாவில் தெறிவினை வழமையைவிடத் துள்ளலாக இருக்கும். மருந்து ஏறிய பின் அந்தத் துள்ளல் அடங்கி இயல்புக்கு வருவது நஞ்சு அல்ல, அது மருந்து வேலை செய்வது. தொடக்க நிலையை எழுதி வைக்காதவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகும்.

கதீற்றர் போட்டு, மணிக்கு மணி அளக்கக்கூடிய கலன் பொருத்துங்கள். 10 சதவீத கல்சியம் குளுக்கோனேற்று 10 மில்லிலீற்றரும் ஒரு சிரிஞ்சும் தாயின் கட்டிலருகில் இருக்க வேண்டும். மருந்து அலுமாரியில் இருக்கிறது என்பது போதாது. இரவில் திறப்பு யாரிடம் என்று தேடும் நேரம் தாயின் மூச்சு நேரம்.

4. கலப்பதும் கொடுப்பதும்

மக்னீசியம் சல்பேற்று பொதுவாக 50 சதவீதக் கரைசலாக வரும். அதாவது 2 மில்லிலீற்றரில் 1 கிராம். அம்பியூலின் கொள்ளளவு வேறுபடலாம். ஆகவே எண்ணிக்கையை நம்பாமல் ஒவ்வொரு தடவையும் லேபலை வாசியுங்கள். "நாலு அம்பியூல்" என்று வாய்மொழியாகச் சொல்லவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். கிராமில் சொல்லுங்கள்.

ஆரம்ப அளவு 4 கிராம், அதாவது 8 மில்லிலீற்றர். அதனோடு 12 மில்லிலீற்றர் சாதாரண சேலைன் சேர்த்தால் 20 மில்லிலீற்றர் வரும். இதை 10 முதல் 20 நிமிடத்தில் மெதுவாக நாளத்தில் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே தாயிடம் சொல்லிவிடுங்கள்: "பிள்ளை, உடம்பெல்லாம் சூடு பரவுற மாதிரி இருக்கும், முகம் சிவக்கும், சத்தி வாற மாதிரியும் இருக்கலாம். பயப்பிடாதேங்கோ, கொஞ்ச நேரத்தில அடங்கும்." இப்படிச் சொல்லாவிட்டால் பலர் பயந்து எழும்பப் பார்ப்பார்கள்.

தொடர் அளவு மணிக்கு 1 கிராம். 50 மில்லிலீற்றர் சிரிஞ்சில் 10 கிராம், அதாவது 20 மில்லிலீற்றர் மருந்தும் 30 மில்லிலீற்றர் சேலைனும் எடுத்தால், பம்பில் மணிக்கு 5 மில்லிலீற்றர் ஓட வேண்டும். ஒரு சிரிஞ்ச் 10 மணித்தியாலம் வரும். 5 என்பது 50 ஆகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆகவே பம்பின் திரையை இரண்டாவது ஒருவரும் வாசித்து, இருவரும் பி.எச்.ரி.யில் ஒப்பமிடுங்கள். சிரிஞ்சிலும் குழாயிலும் மருந்தின் பெயர் ஒட்டுங்கள். இந்த நாளவழியில் வேறு எந்த ஊசியும் போட வேண்டாம். குழாயில் நிற்கும் மக்னீசியத்தை அது ஒரே தள்ளில் உள்ளே செலுத்திவிடும்.

பம்ப் கிடைக்காத இடத்தில் போத்தலில் கலந்து சொட்டை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 5 கிராம் தசையில் போடும் முறை பாதுகாப்பானது என்பது என் எண்ணம். குழாயின் கிளாம்ப் தளர்ந்த போத்தல் கண் மூடித் திறக்குமுன் காலியாகிவிடும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரச வைத்தியசாலையில் தாயின் குடும்பத்துக்கு இந்த மருந்துக்குக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து 1990 ஆம்புலன்ஸில் வந்தாலும் இல்லை. ஆனால் விடுதியின் இருப்பு உங்கள் பொறுப்பு. பிரசவத்துக்கு முன் 6 மணித்தியாலம் ஓடிய தாய்க்கு ஆரம்பம் 4, முன்னர் 6, பின்னர் 24 என்று மொத்தம் 34 கிராம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அலுமாரியை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. மக்னீசியம் வலிப்பைத் தடுக்கும் மருந்து, பிறஷரைக் குறைக்கும் மருந்து அல்ல. லபெற்றலோல், ஐதரலசீன், நிபெடிபின் ஆகியவற்றில் வைத்தியர் எழுதியதை அதோடு சேர்த்துக் கொடுத்து, 160/110க்குக் கீழே கொண்டுவர வேண்டும். சேலைனை அளவோடு கொடுங்கள். எல்லா வழியாலும் சேர்த்து மணிக்கு 80 மில்லிலீற்றர் என்பது பல நெறிமுறைகளின் எல்லை. அதிகம் ஏற்றினால் நீர் நுரையீரலில் தேங்கும்.

5. மணிக்கு மணி: சிறுநீர், முழங்கால், மூச்சு

மக்னீசியம் உடம்பை விட்டு வெளியேற ஒரே வழி சிறுநீரகம். சிறுநீர் குறைந்தால் பம்ப் சரியாக ஓடினாலும் மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சேரும்போது அடையாளங்கள் ஓர் ஒழுங்கில் வரும். முதலில் தெறிவினை போகும். அதன் பிறகு மூச்சுத் தசைகள் தளரும். கடைசியில்தான் இதயம். முழங்கால் உங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அதை மணிக்கொரு தடவை சோதித்தால்தான் அந்த எச்சரிக்கை பயன்படும்.

சோதிக்கும்போது உங்கள் முன்கையைத் தாயின் முழங்காலுக்குக் கீழே கொடுத்துக் காலைத் தளர்வாகத் தூக்கிப் பிடியுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள நாணில் சுத்தியலால் தட்டி, பாதத்தைப் பார்க்காமல் தொடையின் முன்தசையைப் பாருங்கள். தசை சுருங்கினால் தெறிவினை உண்டு. வரவில்லை என்றால், இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டுங்கள். அப்போதும் இல்லை என்றால்தான் இல்லை.

மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 12க்குக் குறைந்தால் ஆபத்து. விரலில் மாட்டிய கருவி 98 காட்டுகிறதே என்று ஆறுதலடைய வேண்டாம். ஒட்சிசன் முகமூடி போட்ட தாய்க்கு மூச்சு எண்ணிக்கை விழுந்த பிறகும் அந்த எண் நல்லதாகவே நிற்கும்.

சிறுநீர் மணிக்கு 25 மில்லிலீற்றருக்கு, அல்லது நாலு மணித்தியாலத்தில் 100 மில்லிலீற்றருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் முதலில் குழாய் மடிந்திருக்கிறதா, தாய் அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அது இல்லையென்றால் உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள்.

குருதியில் மக்னீசிய அளவு எல்லோருக்கும் பார்க்கத் தேவையில்லை. சிறுநீர் குறைந்தவருக்கும், கிரியேற்றினின் கூடியவருக்கும், தெறிவினை மங்கியவருக்கும் பார்க்க வேண்டும். பொதுவாக லீற்றருக்கு 2 முதல் 4 மில்லிமோல் வரை மருந்து வேலைசெய்யும் அளவு என்பார்கள். தெறிவினை ஏறத்தாழ 3.5 முதல் 5க்குள் மறையும். 5க்கு மேல் மூச்சு நிற்கக்கூடும். முதல் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதால்தான் எண்ணைவிட முழங்காலை நம்பச் சொல்கிறேன்.

6. ஓர் இரவு: படிப்படியாக

விளக்குவதற்காக ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். 27 வயது, முதற் கர்ப்பம், 35 வாரம். பிறஷர் 168/112, சிறுநீரில் புரதம் 3+, தலையிடி. கிரியேற்றினின் 118 மைக்ரோமோல். கர்ப்பிணிக்கு 90க்கு மேல் என்றாலே அது கூடுதல். பிற்பகல் 2 மணிக்கு 4 கிராம் கொடுத்து, மணிக்கு 1 கிராம் தொடங்கினார்கள்.

மாலை 5 மணிக்கு முதுகில் ஊசி போட்டு சத்திரசிகிச்சை, 5.20க்குக் குழந்தை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதுகு ஊசி கால் தெறிவினையை இல்லாமல் செய்துவிடும். ஆகவே கால் விறைப்பு விடும் வரை முழங்கையின் உட்பக்கம் தட்டிக் கைத் தெறிவினையைத்தான் பார்க்க வேண்டும். கைத் தெறிவினை நன்றாக இருந்தது, எழுதினார்கள். 8 மணிக்கு முழங்காலிலும் திரும்பி வந்தது. அதையும் நேரத்தோடு எழுதினார்கள். அந்த வரி பின்னால் உதவியது.

8 முதல் 12 வரை சிறுநீர் 25, 20, 15, 15. மொத்தம் 75. குழாய் மடியவில்லை. நள்ளிரவில் வைத்தியரை அழைத்தார்கள். பம்ப் மணிக்கு 2.5 மில்லிலீற்றராக, அதாவது பாதியாகக் குறைக்கப்பட்டது. மக்னீசிய அளவுக்கும் கிரியேற்றினினுக்கும் குருதி போனது. 1 மணிக்கு நோவுக்காக பெத்தடின் போட்டார்கள்.

2 மணிக்குத் தாய் அரைத் தூக்கம். கதை குழறியது, மூச்சு 13. முழங்காலில் அசைவு இல்லை. முதுகு ஊசியின் மிச்சம் என்று இதை விளக்க முடியாது, ஏனெனில் 8 மணிக்குத் தெறிவினை வந்தது என்று தாளில் இருக்கிறது. கையிலும் இல்லை. பம்பை அந்தக் கணமே நிறுத்தினார்கள். "பெத்தடின் தூக்கம்தானே" என்று விடிய வரை விடும் ஆபத்து இங்கேதான் அதிகம். பெத்தடினும் மூச்சைக் குறைக்கும், ஆனால் முழங்காலை இப்படி முழுதாக அணைக்காது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் பாதிப்பு மற்றதால் பெருகும்.

2.10க்கு மூச்சு 11. வைத்தியர் வந்து கல்சியம் குளுக்கோனேற்று 10 சதவீதம், 10 மில்லிலீற்றர், அதாவது 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாகக் கொடுத்தார். வேறு கனியுலா வழியாக. மக்னீசியம் சல்பேற்றும் கல்சியமும் ஒரே குழாயில் சந்தித்தால் படிவு உண்டாகும். ஒட்சிசன் முகமூடி போட்டு, மயக்கமருந்து வைத்தியரை அழைத்து, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடியே கொடுத்தார்கள். 2.25க்கு மூச்சு 15.

நள்ளிரவில் எடுத்த குருதியின் மக்னீசிய அளவு 2.30க்குத்தான் வந்தது: 3.8. அது வரும்வரை காத்திருந்திருந்தால் அரைமணித்தியாலம் போயிருக்கும். கல்சியத்தின் வேலை குறுகிய நேரமே. மக்னீசியம் இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. ஆகவே கல்சியம் கொடுத்த பின் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சை எண்ணினார்கள். 5 மணிக்கு முழங்கால் அசைந்தது, சிறுநீர் மணிக்கு 40 ஆகியது. மறுபடி தொடங்குவதா, பாதி அளவிலா என்பதைக் காலையில் வி.ஓ.ஜி. தீர்மானித்தார்.

7. நடுவில் வலிப்பு வந்தால்

மருந்து ஓடும்போதே வலிப்பு வந்தால் தாயை இடதுபக்கம் சரித்து, வாயைத் துப்புரவாக்கி, ஒட்சிசன் கொடுத்து, உதவிக்குக் குரல் கொடுங்கள். வாய்க்குள் எதையும் திணிக்க வேண்டாம். தெறிவினையும் மூச்சும் சரியென்றால் வைத்தியர் இன்னும் 2 கிராமை 5 நிமிடத்தில் கொடுப்பார். வலிப்பு தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் தாளில் இருக்க வேண்டும்.

8. எப்போது நிறுத்துவது, என்ன எழுதுவது

பிரசவத்திலிருந்து 24 மணித்தியாலம், அல்லது கடைசி வலிப்பிலிருந்து 24 மணித்தியாலம், எது பிந்தியதோ அதுவரை. மருந்து தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. மேலே சொன்ன தாய் போன்ற ஒருவருக்கு இடைநிறுத்தம் இல்லாமல் ஓடியிருந்தால், மறுநாள் பிற்பகல் 2 மணிக்கல்ல, மாலை 5.20க்கு நிற்க வேண்டும். நிறுத்தும் நேரத்தைப் பம்பின் மேலேயே ஒட்டி வையுங்கள். கடமை மாறும்போது வாயால் சொன்னது மறந்துபோகும்.

குழந்தைப் பிரிவுக்குத் தாய் மக்னீசியத்தில் இருந்தார் என்று சொல்லுங்கள், குழந்தை சற்றுத் தளர்வாகப் பிறக்கலாம். கருப்பையும் தளரக்கூடும் என்பதால் இரத்தப்போக்கைக் கூடுதலாகக் கவனியுங்கள். பொது மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மயக்கமருந்து வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், தசை தளர்த்தும் மருந்துகளின் வேலை நீளும்.

வீட்டுக்கு அனுப்புமுன் கிளினிக் கொப்பியில் நோயின் பெயர், கொடுத்த மருந்து, கடைசிப் பிறஷர், வீட்டில் தொடர வேண்டிய குளிசை ஆகியவற்றை எழுதுங்கள். பிறஷர் பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6 நாட்களுக்குள் மறுபடி ஏறுவது வழமை. தாய் வீட்டுக்குப் போயிருக்கும் நாட்கள் அவை. அவருடைய பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அன்றே தொலைபேசியில் அறிவித்து, எந்த நாளில் வீட்டுக்குப் போய் அளக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தாயிடமும் கணவனிடமும் சேர்த்து, தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ இம்மூன்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 1990க்கு அழைத்து வரச் சொல்லுங்கள்.